எச்சம் ஏன் நூறு மடங்கு ஏறியது? தாமிரபரணி மாதிரி ஒன்றில் பைசிஜிஸ்டாப்

சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணி திருநெல்வேலி நகரத்துக்குள் வருகிறது. குறுக்குத்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று கடந்து, சீவலப்பேரி பக்கம் சிற்றாற்றையும் சேர்த்துக்கொண்டு மருதூர் அணைக்கட்டை நோக்கிப் போகிறது. இந்தத் துண்டில் ஓரிடத்தில் வடிகால் நீர் கலந்தால் அதிலுள்ள கிருமி எவ்வளவு தூரம் கீழே போய்ச் சேரும் என்று கணினியில் ஒரு மாதிரி போட்டுக்கொண்டிருந்தார் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். பாளையங்கோட்டையில் முதுகலைப் பொறியியல் படிக்கிறவர். ஒருநாள் இரவு கூப்பிட்டார்.

“அண்ணே, எச்சம் குறையவே மாட்டேங்குது. முதல்ல நூறு மடங்கு ஏறிட்டு, அப்புறம் இறங்குது, மறுபடி ஏறுது. புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு.”

புரோகிராமில் தப்பு இல்லை. நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். பெரிய சமன்பாட்டுத் தொகுப்பைச் சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் முறைதான் பைசிஜிஸ்டாப்; அதுவரை கிடைத்த விடை சமன்பாடுகளை எவ்வளவு தவறவிடுகிறது என்பதுதான் எச்சம். அந்த எச்சம் ஏன் இப்படித் தாவுகிறது என்ற கேள்விக்கு, இரண்டே இரண்டு கட்டம் உள்ள ஒரு கணக்கைக் கையால் போட்டாலே பெரும்பகுதி விடை கிடைத்துவிடுகிறது. அதற்காகத்தான் இதை எழுதத் தோன்றியது.

மாதிரி என்ன, அணி எப்படி வந்தது

ஆற்றை நீளவாக்கில் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செறிவு c. நீர் u வேகத்தில் அதைக் கீழே கொண்டுபோகிறது. வெயிலிலும் சூட்டிலும் கிருமி k என்ற வீதத்தில் அழிகிறது. ஓட்டத்தில் ஏற்படும் பரவலுக்கு D என்று ஒரு கெழு. நிலைத்த நிலையில் இவற்றை எழுதினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சமன்பாடு வரும். எல்லாம் சேர்ந்து Ax = b.

மேல்கட்டம் கீழ்கட்டத்தைப் பாதிப்பது போலக் கீழ்கட்டம் மேல்கட்டத்தைப் பாதிப்பதில்லை. அதனால்தான் A சமச்சீர் இல்லாத அணி ஆகிறது. பரவல் மட்டும் இருந்திருந்தால் அணி சமச்சீராக இருந்திருக்கும், இணை சாய்வு முறையே போதும், இந்தக் கதையே இல்லை.

தம்பி இரண்டு முடிவு எடுத்திருந்தார், இரண்டுக்கும் காரணம் இருந்தது. ஓட்டத்துக்கு மைய வேறுபாடு போட்டார், ஏனென்றால் மேல்கட்டத்தை மட்டும் பார்க்கும் சூத்திரம் இல்லாத பரவலைத் தானாகச் சேர்த்துவிடும். அதன் அளவு uh/2. கட்டம் 100 மீட்டர், வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் என்றால் அது நொடிக்கு 20 சதுர மீட்டர். ஆற்றின் உண்மையான பரவலுக்கு ஈடாகவே வந்துவிடக்கூடிய அளவு இது. அடுத்ததாக, ஓட்டத்தின் விளைவை மட்டும் முதலில் பார்ப்போம் என்று D-யைச் சுழியாக வைத்தார்.

இப்போது ஒரு கட்டத்தின் சமன்பாட்டை 2h/u-ஆல் பெருக்கினால் இப்படி நிற்கும்:

```
c[i+1] - c[i-1] + e*c[i] = 0,    e = 2*h*k/u
```

h = 100, u = 0.4, k = நொடிக்கு 0.00002 என்று வைத்தால் e = 0.01. இந்த k-க்கு அரை ஆயுள் கிட்டத்தட்ட ஒன்பதரை மணி நேரம். இவை மாதிரிக்காக எடுத்த எண்கள், ஆற்றில் அளந்தவை அல்ல.

அணியின் மூலைவிட்டத்தில் எல்லா இடத்திலும் 0.01. அதன் வலப்பக்கம் +1, இடப்பக்கம் −1. ஆக, e என்ற சின்ன எண்ணை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது சுத்தமான எதிர் சமச்சீர் அணி. அதன் ஐகன் மதிப்புகள் எல்லாம் கற்பனை அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். e சேர்ந்ததும் எல்லாம் 0.01 மட்டும் வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான். தொந்தரவு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சுற்றுக்குள் நடப்பது

கார்னீலியஸ் லாங்க்சோஸ் 1952-இல் போட்ட அடித்தளத்தின் மேல் ஃபிளெட்சர் 1976-இல் பைசிஜி முறையை எழுதினார். சோன்வெல்ட் 1989-இல் அதிலிருந்து சிஜிஎஸ் முறையைக் கொண்டுவந்தார். சிஜிஎஸ்ஸில் எச்சத்தின் தாவல் அப்படியே வர்க்கமாகிவிடும், பத்து மடங்கு ஏறும் இடத்தில் நூறு மடங்கு ஏறலாம். அதைத் தணிக்க வான் டெர் வோர்ஸ்ட் 1992-இல் வெளியிட்டதுதான் பைசிஜிஸ்டாப். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சீராகக் குவியும் வடிவம் என்றுதான் இதைச் சொல்கிறார். சிஜிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் அது சரி. தனியாகப் பார்த்தால் இதுவும் தாவத்தான் செய்யும்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அடி எடுத்து வைக்கிறது. முதல் அடியில், விடையை நகர்த்தும் திசை p-யை எடுத்து, எச்சம் r-இலிருந்து v = Ap என்ற வெக்டரை α அளவு கழித்து s-ஐப் பெறுகிறோம். α எவ்வளவு என்று முடிவு செய்வது r̂ என்ற நிழல் வெக்டர். s-ஆனது r̂-க்குச் செங்குத்தாக வர வேண்டும், அதுதான் நிபந்தனை. இரண்டாம் அடியில், t = As என்று கண்டு, s − ωt-இன் நீளம் மிகக் குறைவாக வரும்படி ω-வைத் தேர்ந்தெடுக்கிறோம். அதுவே புதிய எச்சம்.

இரண்டாம் அடி எச்சத்தை ஒருநாளும் பெரிதாக்காது, குறைத்துத்தான் வைக்கும். அப்படியென்றால் ஏற்றம் முழுவதும் முதல் அடியிலிருந்துதான் வருகிறது. அங்கே எச்சத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை. r̂ பக்கமிருந்து பார்த்தால் எச்சம் தெரியக்கூடாது என்று மட்டும்தான் கேட்கிறோம். உச்சி வெயிலில் பனைமரத்தின் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும், மரம் குட்டையாவதில்லை.

இரண்டு கட்டக் கணக்கு

ஆற்றை இரண்டே கட்டமாக்குவோம். மேலே வரும் செறிவு 1, கீழ் முனையில் 0. அணியும் வலப்பக்கமும் இவை:

```
A = [ 0.01   1    ]      b = [ 1 ]
    [ -1     0.01 ]          [ 0 ]
```

x = 0 என்று தொடங்குவதால் r = (1, 0). நிழல் வெக்டருக்கும் அதையே வைக்கிறோம், நூலகங்கள் பொதுவாக இப்படித்தான் செய்கின்றன. p-யும் (1, 0).

v = Ap = (0.01, −1). இதை r̂-உடன் புள்ளிப் பெருக்கம் செய்தால் 0.01. மேலே வருவது r̂-க்கும் r-க்கும் உள்ள புள்ளிப் பெருக்கம், அதுதான் ρ, இங்கே ρ = 1. ஆக α = 1/0.01 = 100.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். r-க்கு r̂ பக்கம் நீளம் 1. அதைக் கழிக்க நம் கையில் இருப்பது v. அதுவோ r̂-க்குக் கிட்டத்தட்டச் செங்குத்து, அந்தப் பக்கம் அதன் பங்கு வெறும் 0.01. ஒன்றைக் கழிக்க v-இல் நூறு எடுக்க வேண்டியிருக்கிறது. நூறு எடுத்தால் அதன் இன்னொரு பக்கமும் நூறு மடங்காகக் கூடவே வந்துவிடும். s = (0, 100). கேட்டபடி r̂ பக்கம் சுழி, ஆனால் நீளம் நூறு.

இரண்டாம் அடி இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்போம். t = As = (100, 1). இதற்கும் s-க்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் 0.01 மட்டுமே. ω = 0.009999. புதிய எச்சத்தின் நீளம் 99.995. நூறில் 0.005 குறைந்திருக்கிறது. எதிர் சமச்சீர் அணி எந்த வெக்டரையும் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிவிடும். திரும்பிய வெக்டரை எவ்வளவு கூட்டினாலும் கழித்தாலும் பழைய வெக்டரின் நீளம் குறையாது. எச்சத்தைத் தணிக்க வேண்டிய அடிக்கு இந்த அணியில் கிட்டத்தட்ட வேலையே கிடையாது.

இரண்டாம் சுற்றில் ρ = −0.9999. பழைய p-யை எவ்வளவு சேர்ப்பது என்று சொல்லும் β அதிலிருந்து வருகிறது, β = −10000. புதிய p = (−10000, 0). v = (−100, 10000), α = 0.009999. கழித்தால் s = (0, 0), விடை வந்துவிட்டது. எச்சத்தின் வரலாறு:

```
1,  99.995,  0
```

ஒரு சுற்று முன்னால் நூறு மடங்கு பெரிதாக நின்றது, அடுத்த சுற்றில் முடிந்தே போனது. தம்பியின் ஆயிரக்கணக்கான கட்டம் உள்ள மாதிரியில் நடந்ததும் இதுவே, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல தடவை.

பிவட் மாற்றாமல் காஸ் நீக்கல் செய்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மூலைவிட்டத்தில் 0.01 வந்தால் அதால் வகுக்கும்போது எண்கள் வீங்கும், முழு அணியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும். பைசிஜி உள்ளுக்குள் ஒரு மூன்று மூலைவிட்ட அணியை வரிசை மாற்றாமல் நீக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சின்ன அணியின் முதல் m வரிசைத் துண்டு கிட்டத்தட்டப் பூச்சியக் கோவை அணியாக இருந்தால் அந்த m-ஆவது சுற்றில் எச்சம் குதிக்கும். அடுத்த துண்டு நல்லதாக இருந்தால் இறங்கிவிடும். நம் கணக்கில் 1×1 துண்டு வெறும் 0.01, 2×2 துண்டில் எந்தக் குறையும் இல்லை. ஒற்றைச் சுற்றுக்கு ஏறி உடனே இறங்கும் கூர்மையான முனைகளுக்கு இதுதான் காரணம்.

நிழலை மாற்றினால்

அணியும் b-யும் அப்படியே இருக்கட்டும். r̂-ஐ மட்டும் மாற்றி A-ஆல் பெருக்கிய r-ஐ, அதாவது (0.01, −1)-ஐ வைப்போம். இப்போது ρ = 0.01, r̂-க்கும் v-க்கும் புள்ளிப் பெருக்கம் 1.0001, α = 0.009999. s-இன் நீளம் 0.99995. இரண்டாம் அடிக்குப் பிறகு 0.9999. அடுத்த சுற்றில் சுழி.

```
1,  0.9999,  0
```

முனையே காணோம். எடுத்த சுற்றுகளும் அதே இரண்டு, கிடைத்த விடையும் அதே. தம்பி இதைப் பார்த்துவிட்டு, “அப்ப அந்த நூறுக்கு அர்த்தமே இல்லையா அண்ணே?” என்று கேட்டார். ஆற்றைப் பற்றிய அர்த்தம் எதுவும் இல்லை. அந்த நூறு என்பது r̂-க்கும் அணிக்கும் இடையில் அமைந்த கோணத்தின் விளைவு. வேறு r̂ எடுத்திருந்தால் வேறு வரலாறு.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது வரலாற்றில் முதல் சுற்று ஒன்றுமே சாதிக்கவில்லை, 1 என்பது 0.9999 ஆனது. எச்சத்தை ஒவ்வொரு சுற்றிலும் உண்மையிலேயே மிகக் குறைவாக்கும் ஜிஎம்ரெஸ் முறையும் (சாத், ஷூல்ட்ஸ், 1986) இங்கே முதல் சுற்றில் 0.99995-இல்தான் நிற்கும். சிறப்பான முறை தரையோடு தரையாக நகராமல் கிடக்கும் அதே இடத்தில்தான் இந்த முறை குன்றாக ஏறுகிறது. அந்தச் சுற்றில் முன்னேற வழியே இல்லை, அதை ஒரு முறை சமவெளியாகக் காட்டுகிறது, இன்னொன்று முனையாகக் காட்டுகிறது. எனக்கு இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் தாவும் எச்சத்தைப் பார்த்துப் பதறுவது நின்றது.

எப்போதும் ஜிஎம்ரெஸ்ஸையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அது பழைய வெக்டர் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். நூறு சுற்று என்றால் நூறு வெக்டர். பைசிஜிஸ்டாப்புக்கு எத்தனை சுற்று ஓடினாலும் ஏழெட்டு வெக்டர் போதும். ஒவ்வொரு சுற்றிலும் எச்சத்தை மிகச் சிறிதாக்குவது, சில வெக்டர்களோடு முடிப்பது, இரண்டும் சேர்ந்து பொதுவான சமச்சீரற்ற அணிக்குக் கிடைக்காது என்று ஃபேபர், மான்டொய்ஃபெல் இருவரும் 1984-இல் நிறுவிவிட்டார்கள். நினைவகத்தை மிச்சம் பிடிப்பதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த மேடு பள்ளம்.

எங்கே உண்மையில் கெடுகிறது

அப்படியானால் முனையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடாது. முதல் கணக்கில் x எப்படிப் போனது என்று பார்ப்போம். முதல் சுற்று முடிவில் x = (100, 0.9999). இரண்டாம் சுற்றில் முதல் எண்ணிலிருந்து 99.990001 கழிகிறது, 0.009999 மிஞ்சுகிறது. சரியான விடைதான். ஆனால் நூறிலிருந்து நூறைக் கழித்து நூறில் ஒன்றைப் பிடித்திருக்கிறோம், நாலு இலக்கம் போய்விட்டது.

ஏழு இலக்கம் மட்டும் பிடிக்கும் ஒற்றைத் துல்லியத்தில் இதை ஓட்டினால் மிஞ்சுவது மூன்று நாலு இலக்கம்தான். e-யை 0.0001 ஆக்கிப் பாருங்கள். x-இன் முதல் எண் 10000 வரை ஏறும். அந்த உயரத்தில் ஒற்றைத் துல்லியத்தின் அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளியே கிட்டத்தட்ட 0.001. கிடைக்க வேண்டிய விடை 0.0001. எதுவுமே மிஞ்சாது.

இதைவிட மோசமானது, இந்த இழப்பு திரையில் தெரியாது. முறை தன் எச்சத்தை r = s − ωt என்று தனக்குத்தானே புதுப்பித்துக்கொண்டு போகிறது, x-ஐத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறது. x-இல் விழுந்த பிழை r-க்குத் தெரியவே வராது. r தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும், b − Ax ஓர் இடத்தில் நின்றுவிடும். அது நிற்கும் மட்டத்தைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: வழியில் எச்சம் எட்டிய உச்சத்தை இயந்திரத் துல்லியத்தால் பெருக்கினால் வருவது. இரட்டைத் துல்லியத்தில் உச்சம் நூறு என்றால் கவலையில்லை. உச்சம் பத்து கோடி என்றால் 10⁻⁸-க்குக் கீழே போக முடியாது, திரை 10⁻¹² என்று காட்டினாலும்.

தம்பியின் ஓட்டத்தில் இதுதான் ஆகியிருந்தது. முடிந்தது என்று முறை அறிவித்த இடத்தில் b − Ax-ஐக் கணக்கிட்டுப் பார்த்தோம், அது பல மடங்கு பெரிதாக நின்றது. எச்சம் ஏறியதைப் பார்த்து அவர் பயந்தார், இறங்கியதைப் பார்த்து நிம்மதியானார். பயப்பட வேண்டிய இடம் அந்த இறக்கம்.

அடுத்தது ω. முதல் அடியின் நிபந்தனைப்படி s-ஆனது r̂-க்குச் செங்குத்து. அதனால் அடுத்த சுற்றின் ρ என்பது −ω-வையும், r̂-t புள்ளிப் பெருக்கத்தையும் பெருக்கியதுதான். நம் கணக்கில் −0.009999 × 100 = −0.9999, சரியாகப் பொருந்துகிறது. ω சிறுத்தால் ρ-வும் சிறுக்கும். நூறு நீளமுள்ள எச்சத்திலிருந்து 1 என்ற எண்ணைப் புள்ளிப் பெருக்கத்தால் எடுக்கும்போது அதில் இலக்கங்கள் கரைகின்றன. ρ-விலிருந்துதான் β, β-விலிருந்துதான் அடுத்த p. ஒரு சுற்றில் இது தாங்கும். கட்டங்கள் நிறைய இருந்து ஐம்பது சுற்று தொடர்ந்து இப்படி நடந்தால், பைசிஜி பக்கம் நம்பியிருக்கும் செங்குத்து உறவுகள் எல்லாம் கலைந்துபோகும். அப்புறம் எச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேராது. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் சொன்ன தீங்கில்லாத முனைகளும் இதுவும் ஒரே மாதிரி தெரியும். பிரித்தறிய ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது: ρ-வை r, r̂ இரண்டின் நீளங்களால் வகுத்து ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட வேண்டும். முனையில் சிறுத்துவிட்டு மீண்டும் வளர்ந்தால் பரவாயில்லை. சிறுத்தபடியே கிடந்தால் முறை வழி தவறிவிட்டது.

இதற்கு ஸ்லைபென், வான் டெர் வோர்ஸ்ட் இருவரும் 1995-இல் ஒரு சின்ன வைத்தியம் சொன்னார்கள். s-க்கும் t-க்கும் இடைப்பட்ட கொசைன் 0.7-க்குக் கீழே போனால், ω-வை அந்தக் கொசைன் 0.7 ஆக இருந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுக்குப் பெரிதாக்கு. அதாவது மிகக் குறைந்த எச்சம் வேண்டாம் என்று தெரிந்தே விட்டுக்கொடுப்பது. நம் இரண்டு கட்டத்தில் போட்டுப் பார்த்தோம். ω சுமார் 0.7 ஆகிறது. எச்சம் 99.995-க்குப் பதில் 121.5 ஆக ஏறுகிறது. ஆனால் ρ −1-இலிருந்து −70-க்குப் போகிறது. நீளங்களால் வகுத்த விகிதம் 0.01-ஆக இருந்தது 0.58 ஆகிறது. முனை கொஞ்சம் உயர்ந்தது, கணக்கு திடமானது.

ஓட்டிப் பார்க்க

மேலே உள்ள எண்களை நீங்களே சரிபார்க்க இது போதும். `rh` என்பது நிழல் வெக்டர்.

```python
import numpy as np
from numpy.linalg import norm

def bicgstab(A, b, rh, n):
    x = 0*b; r = b.copy(); p = r.copy(); rho = rh @ r
    for k in range(n):
        v = A @ p
        a = rho / (rh @ v)
        s = r - a*v
        if norm(s) < 1e-12:
            return x + a*p
        t = A @ s
        w = (t @ s) / (t @ t)
        x = x + a*p + w*s
        r = s - w*t
        new = rh @ r
        print(k+1, norm(r), norm(b - A @ x),
              abs(new)/(norm(rh)*norm(r)))
        p = r + (new/rho)*(a/w)*(p - w*v)
        rho = new
    return x

A = np.array([[0.01, 1.0], [-1.0, 0.01]])
b = np.array([1.0, 0.0])
print(bicgstab(A, b, b, 5))
print(bicgstab(A, b, A @ b, 5))
```

தம்பி பயன்படுத்தியது `scipy.sparse.linalg.bicgstab`. அதில் நிழல் வெக்டரை நாம் தர முடியாது, முதல் எச்சத்தையே எடுத்துக்கொள்ளும். ஆனால் `x0`-ஐ மாற்றினால் முதல் எச்சம் மாறும், நிழலும் மாறும். பாதியில் நிறுத்தி, கையில் இருக்கும் x-ஐ `x0`-ஆகக் கொடுத்து மறுபடி தொடங்கினாலும் புது நிழல் கிடைக்கும், b − Ax-உம் புதிதாகக் கணக்கிடப்படும். அதன் `callback` தற்போதைய x-ஐத்தான் தருகிறது, எச்சத்தைத் தருவதில்லை. அது நல்லதாகப் போயிற்று, உண்மையான எச்சத்தை அங்கேயே கணக்கிட்டு அச்சிட முடிகிறது.

ஆற்றுக்குத் திரும்பினால்

இரண்டு கட்டக் கணக்கின் விடையைப் பாருங்கள்: முதல் கட்டத்தில் 0.01, இரண்டாவதில் 0.9999. மேலே 1 வரும் ஆற்றில் முதல் நூறு மீட்டரில் கிருமி காணாமல் போய், அடுத்த நூறு மீட்டரில் திரும்பி வருமா? வராது. மைய வேறுபாடு பரவல் இல்லாத ஓட்டத்தில் தரும் பொய்யான பல்வரிசை இது. தீர்க்கும் முறையைப் படுத்தியதும் விடையைக் கெடுத்ததும் ஒரே குணம், அணி கிட்டத்தட்ட எதிர் சமச்சீராக இருப்பது. அந்த வகையில் எச்சத்தின் தாவல் ஒரு தகவலைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் அதைப் புரோகிராம் பிழை என்று நினைத்தோம்.

D-க்கு நொடிக்கு 10 சதுர மீட்டர் கொடுத்தோம். கட்டத்தின் பெக்லே எண் uh/D = 4. அணி இப்படி மாறுகிறது:

```
A = [ 1.01   0.5  ]      b = [ 1.5 ]
    [ -1.5   1.01 ]          [ 0   ]
```

r̂ = r என்ற பழைய நிழலோடே ஓட்டினால், முதல் அடியில் எச்சம் ஒன்றரை மடங்கு ஏறுகிறது. ஆனால் இப்போது s-க்கும் t-க்கும் இடையிலான கொசைன் 0.9, இரண்டாம் அடி அதை முதலில் இருந்த அளவில் 0.66-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. அடுத்த சுற்றில் சுழி. பைசிஜி பக்கம் ஏற்றும் மேட்டை ω பக்கம் சமன்செய்வதுதான் இந்த முறையின் வடிவமைப்பு. மூலைவிட்டத்தில் போதிய கனம் இருக்கும்போது அது நடக்கிறது.

விடையில் இரண்டாம் கட்டம் இன்னும் 1.27 காட்டுகிறது, 1-ஐத் தாண்டக் கூடாது. பெக்லே எண் 2-க்குள் இருந்தால்தான் பல்வரிசை முழுதாகப் போகும். அதனால் முழு மாதிரியில் கட்டத்தை 50 மீட்டராகப் பாதியாக்கினோம். கட்டங்கள் கூடின, சுற்றுகளும் கூடின. அதற்கு முழுமையற்ற எல்யூ பகுப்பை ப்ரீகண்டிஷனராகக் கொடுத்தோம். அதன் வேலையை இந்தக் கதையின் மொழியில் சொன்னால், ஐகன் மதிப்புகளைக் கற்பனை அச்சின் ஓரத்திலிருந்து இழுத்து 1-இன் பக்கம் கூட்டி வைப்பது. அங்கே வந்துவிட்டால் ω-வுக்குச் செய்ய வேலை இருக்கும்.

கட்டத்தைச் சிறிதாக்க முடியாத, பரவலும் கூட்ட முடியாத நிலை ஒருவருக்கு வந்தால் ஸ்லைபென், ஃபோக்கமா இருவரும் 1993-இல் கொடுத்த பைசிஜிஸ்டாப்(ℓ) வடிவத்தைப் பார்க்கலாம். ω என்பது ஒரு மெய்யெண், 1 − ωz என்ற ஒருபடிக் கோவைக்கு மெய்யான மூலம்தான் இருக்க முடியும். நம் ஐகன் மதிப்புகளோ 0.01 ± i என்று சோடி சோடியாக மேலும் கீழும் நிற்கின்றன. ℓ = 2 என்றால் இருபடிக் கோவை, அதன் இரண்டு மூலங்களும் கலப்பெண் சோடியாக அமையலாம், அந்தச் சோடியின் மேலேயே போய் உட்காரலாம். ஓட்டம் மேலோங்கிய கணக்குகளுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். தம்பியின் மாதிரிக்கு அது தேவைப்படவில்லை.

எச்சத்தை வெளியே மட்டும் மழமழப்பாக்கும் முறைகளும் உண்டு, பழைய x-ஐயும் புது x-ஐயும் கலந்து இறங்குமுகமாகக் காட்டுபவை. படம் அழகாக வரும். உள்ளே ρ கரைவதை அவை தொடுவதில்லை என்பதால் நாங்கள் போடவில்லை. மேடு பள்ளம் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இருவருக்கும் தோன்றியது.

இப்போது அவர் ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று எண் அச்சாகிறது: முறை சொல்லும் எச்சம், b − Ax, அந்த ρ விகிதம். முனைகள் இன்னும் இருக்கின்றன, பத்து மடங்குக்குள். முதல் இரண்டு எண்ணும் கடைசிவரை ஒன்றாகவே இறங்குகின்றன. போன வாரம் சிற்றாறு சேரும் இடத்தில் கட்டங்களை மாற்றியபோது அவை ஓரிடத்தில் பிரிந்தன. அவரே நிறுத்திவிட்டு, அந்த x-இலிருந்து மறுபடி தொடங்கிவிட்டு, அப்புறம்தான் எனக்குச் சொன்னார்.